சமூக ஊட்டச்சத்து வினாடி வினா, இரண்டாம் சுற்று: தாவர உணவில் இரும்புச்சத்து

நடத்துநர் வாசிக்க வேண்டியது: இச்சுற்றில் ஐந்து வினாக்கள் உள்ளன. விடைக்கு 2 மதிப்பெண். காரணத்தையும் சரியாகக் கூறும் அணிக்கு மேலும் 3 மதிப்பெண் வழங்கப்படும். விடையை ஊகித்துவிடலாம், காரணத்தை ஊகிக்க இயலாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

வினா 1. பருப்பு, கீரை, முழுதானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு எந்த வகையைச் சேர்ந்தது?
விடை: ஹீம் அல்லாத இரும்பு. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பைவிட இது குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உடன் உண்ணும் பொருள்களால் எளிதில் பாதிக்கப்படுவதும் இதுவே.

வினா 2. ஒருவர் காலையில் ஆரஞ்சுப் பழமும் மதியம் பருப்பும் உண்கிறார். மற்றொருவர் மதியம் பருப்பின் மீது எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்கிறார். பருப்பிலுள்ள இரும்பு யாருக்கு அதிகம் கிடைக்கும்?
விடை: இரண்டாமவருக்கு. வைட்டமின் சி, ஃபெரிக் வடிவ இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் ஃபெரஸ் வடிவமாக மாற்றுவதுடன், அதனோடு பிணைந்து கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. இவ்விரண்டும் நடக்க, இரும்பும் வைட்டமினும் ஒரே வேளையில் குடலில் சந்திக்க வேண்டும். வெப்பத்தில் வைட்டமின் சி சிதையும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய பின் சாறு சேர்ப்பதே நல்லது என்று கூறும் அணியைப் பாராட்டலாம்.

வினா 3. உணவோடு அருந்தும் தேநீரில் பாலைத் தவிர்த்துவிட்டால் இரும்பு உறிஞ்சப்படுவதில் தடை நீங்கிவிடுமா?
விடை: நீங்காது. பெரும்பாலான அணிகள் இங்கே பாலைத்தான் குற்றஞ்சாட்டும். முதன்மைத் தடை தேயிலையின் பாலிஃபீனால்கள், காப்பியும் அவ்வாறே. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் பாதிப்பு குறையும். ‘டானின்’ என்ற விடையையும் ஏற்கலாம்.

வினா 4. பயறு வகைகளை ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது ஆகிய மூன்றும் இரும்பு கிடைப்பதை எவ்வாறு கூட்டுகின்றன?
விடை: விதைகள் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் ஃபைட்டேட் என்னும் சேர்மம் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடலில் கரையாததாக்கிவிடுகிறது. முளைவிடும் விதையிலும் நொதித்தல் நுண்ணுயிர்களிலும் செயல்படும் ஃபைட்டேஸ் நொதி அதைச் சிதைக்கிறது. ஊறவைத்த நீரை வடித்தால் ஃபைட்டேட்டின் ஒரு பகுதியும் வெளியேறும். ஊறவைத்தல் மட்டும் தரும் பயன் சிறிதே; முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் அதைவிட வலியவை. ‘சத்து கூடுகிறது’ என்று மட்டும் கூறினால் காரணத்துக்கான மதிப்பெண் இல்லை, ஏனெனில் இரும்பின் அளவு கூடுவதில்லை; தடைதான் விலகுகிறது.

வினா 5. இரும்பு இருப்பு நிறைந்தவரும் குறைந்தவரும் ஒரே தாவர உணவை ஒரே அளவில் உண்டால், யாருடைய உடல் அதிக இரும்பை ஏற்கும்?
விடை: இருப்பு குறைந்தவருடையது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், இரும்பு இருப்பு நிறைந்திருக்கையில் உயர்ந்து, குடலிலிருந்து இரும்பு இரத்தத்திற்குள் செல்வதைத் தடுக்கும். இருப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறைந்து வழி திறக்கும். அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் உயரும் என்பதை எந்த அணியாவது குறிப்பிட்டால், நடுவர் விருப்பப்படி 1 மதிப்பெண் கூடுதலாக வழங்கலாம்.