பொருள்: குழந்தைகள் ஆடை, க்யூசி வேலைக்கு விண்ணப்பம் – சுகன்யா, பெருமாநல்லூர்

வணக்கம் மேடம்,

செக்கிங்கும் பார்த்து, ஜாப் ஒர்க் யூனிட்டுகளோடு பேசி வேலையும் வாங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அந்த வேலைக்குத்தான் எழுதுகிறேன். 2021-லிருந்து திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் க்யூசியாக இருக்கிறேன். இன்லைன், ஃபைனல் இரண்டும் பார்க்கிறேன், பெரும்பாலும் குழந்தைகள் ஆர்டர்தான்.

பயோடேட்டாவில் எல்லாம் இருக்கிறது, அதையே திரும்ப எழுதவில்லை. உங்கள் துணியைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், அதிலிருந்தே நான் எப்படி வேலை பார்ப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அக்கா குழந்தைக்கு உங்களிடம் அரைக்கை டி-ஷர்ட் வாங்கினோம். துணி நல்ல மென்மை, கழுத்து ரிப் துவைத்த பிறகும் தொங்கவில்லை, ஸ்டிட்சிங்கில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் துவைத்ததும் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பிவிட்டது. இதைத் தையல்காரர் தலையில் கட்ட முடியாது. சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கம் துணியை இழுக்கும், அதைத் துணியிலேயே பிடித்தாக வேண்டும். காம்பாக்டிங் ட்யூபுலரா ஓபன் விட்த்தா, ரோல் வந்த உடனே லே போட்டுக் கட் பண்ணுகிறார்களா, இல்லை விரித்துப் போட்டு ஒரு நாள் ஆற விடுகிறார்களா என்று முதலில் கேட்பேன். அப்புறம் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, சதுரம் குறித்து, துவைத்து, சுருக்கமும் திருப்பமும் அளந்த பிறகுதான் கட்டிங்குக்கு விடுவேன். ஜிஎஸ்எம் கட்டரும் ஒரு சின்னத் தராசும் இருந்தால் எடையையும் அப்போதே பார்த்துவிடலாம். பெரிய லேப் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, ஹூடி மாடலில் கழுத்தில் கயிறு வைத்திருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அது நிற்காது, EN 14682-படி 7 வயது வரைக்குமான துணியில் ஹூடிலும் கழுத்திலும் கயிறு வரவே கூடாது. உள்ளூரில் மட்டும் விற்றாலும் எடுத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து (சறுக்கு மரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்த விதியே). பட்டனும் அப்படித்தான். 500 பீஸ் லாட்டில் ஏக்யூஎல் 2.5 கணக்குக்கு 50 பீஸ் எடுத்துப் பார்த்து 3 குறை வரை விடலாம், 4 வந்தால் லாட் ரிஜெக்ட், இது தையல் கோணல் மாதிரியான குறைக்குச் சரி. கழன்று வரும் ஸ்னாப் பட்டனுக்கு இந்தக் கணக்கே கிடையாது, வாயில் போட்டுக்கொள்ளும் வயது, ஒரு பீஸில் வந்தாலும் லாட்டை நிறுத்துவேன். டெலிவரிக்கு வண்டி வந்து வாசலில் நின்றாலும் நிறுத்துவேன், அதற்கு நீங்கள் எனக்குப் பின்னால் நிற்க வேண்டும், அதை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய கம்பெனியை விட்டு ஏன் வருகிறேன் என்று கேட்பீர்கள். அங்கே எனக்கு வருவது தைத்து முடிந்த பீஸ்தான், குறை எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. துணி வாங்கும் இடத்திலிருந்து வேலை பார்க்க ஆசை. உங்களை மாதிரிச் சின்ன இடத்தில்தான் அது நடக்கும்.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். பேட்டர்ன் போடத் தெரியாது, மெஷர்மென்ட் சார்ட் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான். பையர் மெயில் இங்கிலீஷில் படித்துப் பதில் எழுதுவேன், போனில் பேச இன்னும் கொஞ்சம் தயக்கம் உண்டு. எக்ஸெல் நன்றாக வரும். யூனிட்டுகளுக்கு அலைய ஸ்கூட்டி இருக்கிறது, பெட்ரோல் காசு மட்டும் தனியாகக் கொடுத்தால் போதும்.

சம்பளம் மாதம் 24,000 எதிர்பார்க்கிறேன். இப்போது வாங்குவதை விடக் கொஞ்சம்தான் அதிகம், பேசிக்கொள்ளலாம். இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டு வர மாட்டேன்.

பயோடேட்டாவும், நான் தயாரித்த ஒரு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன், அதில் பையர் பெயர், ஸ்டைல் நம்பர் எல்லாம் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்த நேரம் என்றாலும் அவிநாசிக்கு நேரில் வருகிறேன், மற்ற நாளில் சாயங்காலம் 7 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். வரும்போது அந்த டி-ஷர்ட்டையும் எடுத்து வரவா? நேரில் பார்த்தால் திருப்பம் எவ்வளவு என்று தெரியும்.

நன்றி மேடம்,
சுகன்யா
பெருமாநல்லூர்
(போன் நம்பர் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே இருக்கிறது)