தொலைந்த பெட்டிக்கு இழப்பீடு கோரும் புகார்க் கடிதம்

நாள்: 07.04.2025

அனுப்புநர்: மீ. கலைவாணி, பயணி
பெறுநர்: மேலாளர், பயணிகள் உடைமைக் கோரிக்கைப் பிரிவு

பொருள்: 11.03.2025 அன்று சிங்கப்பூரில் எனக்குக் கிடைக்காத பெட்டி – இழப்பீடு கோருதல் தொடர்பாக.

பார்வை: விமான நிலையத்தில் 11.03.2025 அன்று பதிவான உடைமை இழப்பு அறிக்கை, இறுதி ஐந்து இலக்கங்கள் 30714.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

டொராண்டோவிலிருந்து லண்டன் வழியாகச் சிங்கப்பூர் செல்ல ஒரே பயணச்சீட்டாகப் பதிவு செய்து 09.03.2025 ஞாயிறு இரவு 7.10 மணிக்குப் புறப்பட்டேன். முதல் கட்டத்தை உங்கள் கூட்டு நிறுவனம் இயக்கியது (விமான எண் 862). மறுநாள் காலை 11.05 மணிக்கு லண்டனிலிருந்து கிளம்பிய இரண்டாம் கட்டம் உங்களுடைய விமானம் (எண் 317, இருக்கை 41சி). டொராண்டோவிலேயே சிங்கப்பூர் வரைக்கும் சீட்டு ஒட்டி என் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அதன் எடை 21.4 கிலோ; உடைமைச் சீட்டின் கடைசி ஆறு இலக்கங்கள் 482917.

இரண்டு விமானங்களும் குறித்த நேரத்தில் இயங்கின. லண்டனில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இடைவெளி இருந்ததால், பெட்டியை மாற்றி ஏற்ற நேரம் போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை. ஆயினும் 11.03.2025 காலை சிங்கப்பூரில் சுழல்பட்டை நிற்கும்வரை காத்திருந்தும் என் பெட்டி வரவில்லை. வெளியேறும் முன்பே உங்கள் முகப்பில் புகாரைப் பதிவு செய்தேன்.

அன்றிலிருந்து நான் பெற்ற பதில்கள்தாம் என்னை மிகவும் வருத்துகின்றன. 13ஆம் தேதி தொலைபேசியில் பேசிய ஊழியர் பெட்டி லண்டனில் இருப்பதாகவும் அடுத்த விமானத்தில் வந்துவிடும் என்றும் உறுதி கூறினார். 18ஆம் தேதி பேசியவரோ பெட்டி உங்கள் கைக்கு வரவே இல்லை, முந்தைய நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். அவர்களைக் கேட்டபோது, பெட்டியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுத்து மூலம் தெரிவித்தார்கள், அக்கடிதத்தை இணைத்துள்ளேன். பெட்டியை ஏற்றபோதும், விமானத்தில் ஏற்றியபோதும், ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபோதும், பயணியிடம் ஒப்படைக்கும்போதும் பதிவு செய்ய வேண்டும் என்று பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் கூறுகிறது. ஆகவே, லண்டனில் என் பெட்டி எப்போது, எந்த இடத்தில் கடைசியாக ஸ்கேன் செய்யப்பட்டது என்ற பதிவின் நகலை எனக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டுவதற்கு அந்த ஒரு தாளே முடிவு கட்டும்.

பெட்டி கருநீல நிறம், கெட்டி ஓடு, நடுத்தர அளவு. இடப்பக்கச் சக்கரம் ஒன்று உடைந்து மாற்றப்பட்டதால் அது மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். கைப்பிடியில் மஞ்சள் துணி நாடா கட்டியிருக்கிறேன்.

அதனுள் இருந்தவற்றை அமெரிக்க டாலரில் மதிப்பிட்டுக் கூறுகிறேன். எந்திரப் பட்டறைப் பயிற்சியாளராகிய நான் பாடம் நடத்தக் கொண்டுவந்த வெர்னியர் அளவியும் மைக்ரோமீட்டரும் அடங்கிய கருவிப் பெட்டி 285, உடைகள் 340, கம்பளி மேலங்கி 210 (இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுத் தேய்மானத்தை நானே கழித்துவிட்டேன்), தோல் காலணி 95, மாற்று மூக்குக்கண்ணாடி 130, பெட்டி 160. இவை சேர்ந்து 1,220. பயிற்சி வகுப்பு மறுநாளே தொடங்கியதால் மாற்று உடையும் அன்றாடத் தேவைப் பொருள்களும் வாங்க 164 செலவாயிற்று. பெட்டிக்கென நான் செலுத்திய கட்டணம் 70. ஆக மொத்தம் 1,454 டாலர். கம்பளி மேலங்கிக்கு மட்டும் ரசீது இல்லை. அதை அணிந்திருக்கும் நிழற்படத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

பட்டியலில் விலை குறிக்காத ஒரு பொருளும் உண்டு. என் தாயார் கைப்பட எழுதிய நீல அட்டை நோட்டுப் புத்தகம் அது. முதல் பக்கத்தில் அவருடைய பெயர் பச்சை மையில் இருக்கும். அதற்கு நான் பணம் கேட்கவில்லை. சீட்டு கிழிந்துபோன பெட்டிகளைத் திறந்து பார்க்கும்போது அடையாளம் காண அந்தப் பச்சை மை உதவும் என்பதாலேயே எழுதுகிறேன். இழப்பீடு வழங்கிய பின்னும் உரிமை கோரப்படாத உடைமைகளின் கிடங்கில் தேடலைத் தொடர வேண்டுகிறேன்.

1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவின்படி, வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் வராத உடைமைக்குப் பயணி தன் உரிமைகளைக் கோரலாம். அந்தக் கெடு 01.04.2025 அன்றே முடிந்துவிட்டது. 36ஆம் பிரிவு, தொடர் பயணத்தில் கடைசியாக ஏற்றிச் சென்ற நிறுவனத்திடமும் கோர இடமளிக்கிறது; ஆகவே முந்தைய நிறுவனத்திடம் போகச் சொல்லி இக்கோரிக்கையைத் திருப்பிவிட வேண்டாம். 28.12.2024 முதல் நடப்பிலுள்ள இழப்பீட்டு உச்சவரம்பு, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில், பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள்; நான் கேட்கும் தொகை அதற்குள்ளேயே அடங்குகிறது.

1,454 டாலரை, பயணக் கூப்பனாக அல்லாமல், பயணச்சீட்டு வாங்கிய வங்கிக் கணக்கிலேயே இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் செலுத்துமாறும், மேற்கூறிய ஸ்கேன் பதிவை எழுத்து மூலம் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 35ஆம் பிரிவு தரும் இரண்டு ஆண்டுக் கால வரம்புக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மீ. கலைவாணி

இணைப்புகள்: பயணச்சீட்டு, போர்டிங் பாஸ்கள், உடைமைச் சீட்டு, இழப்பு அறிக்கை, கூட்டு நிறுவனத்தின் கடிதம், ரசீதுகள், நிழற்படம், வங்கிக் கணக்கு அறிக்கை.