புதிய குடிநீர் இணைப்பு கோரும் விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்:
சு. வளர்மதி,
க/பெ சுந்தரம்,
கதவு எண் 27ஏ, காமராசர் குறுக்குத் தெரு,
14-ஆவது வார்டு, தருமபுரி – 636701.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
தருமபுரி நகராட்சி,
தருமபுரி.

(வழி: நகராட்சிப் பொறியாளர் அவர்கள், குடிநீர்ப் பிரிவு)

நாள்: 19.01.2026

பொருள்: கதவு எண் 27ஏ வீட்டுக்குப் புதிய அரை அங்குலக் குடிநீர் இணைப்பு வேண்டுதல் – தெருவில் சிமெண்ட் சாலை போடுவதற்கு முன் குழாய் பதித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட முகவரியில் உள்ள வீட்டின் உரிமையாளர் நான். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மனை எங்கள் குடும்பச் சொத்து. 2021-இல் பாகப்பிரிவினை செய்தபோது முன்பக்கம் இருந்த பழைய வீடு என் தம்பிக்கும், பின்பக்கக் காலி இடம் எனக்கும் வந்தன. அந்த இடத்தில் நான் கட்டிய தரைத்தள வீட்டுக்குச் சென்ற மாதம் குடிவந்துவிட்டோம். நான், என் கணவர், மகள், பேரன் என நான்கு பேர்.

பழைய வீட்டில் என் தந்தை முனுசாமி பெயரில் வாங்கிய குடிநீர் இணைப்பு இன்றும் இருக்கிறது. அது தம்பியின் வீட்டுக்கு உரியது. அதிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்துக்கொண்டால் போதாதா என்று அக்கம்பக்கத்தில் சிலர் கேட்டார்கள். ஒரு வரி விதிப்புக்குக் கொடுத்த இணைப்பை இரண்டு வீடுகள் பங்கு போடுவது முறையல்ல. அதோடு நாளைக்குக் கட்டணப் பாக்கி என்று வந்தால் யார் கட்டுவது என்ற பேச்சு அக்கா தம்பிக்குள் வேண்டாம். ஆகவே என் பெயரிலேயே தனி இணைப்பு கேட்கிறேன்.

வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, தண்ணீரும் தாராளமாக வருகிறது. ஆனால் குடிக்க முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்ததில் புளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) ஏற்கும் அளவு 1.0. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அதிகபட்சமாக 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் மாவட்டத்தில் புளோரைடு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் வயதுக்காரர்கள் பலருடைய பல்லைப் பார்த்தாலே தெரியும். பேரனுக்கு ஐந்து வயது. நிலைத்த பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பருவம். இந்த வயதில் போகிற புளோரைடுதான் பின்னால் பழுப்புக் கறையாக நிற்கும். காய்ச்சினாலும் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். இப்போதைக்குக் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஓய்வூதியத்தில் காலத்துக்கும் அதைச் சமாளிக்க முடியாது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அந்தக் காவிரித் தண்ணீர் எங்கள் தெருப் பொதுக்குழாய் வரை வந்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசலுக்கும் அதற்கும் நடுவில் பதினாறு அடிச் சாலை ஒன்றுதான்.

அந்தச் சாலையைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தின் முக்கியமான வேண்டுகோள். பொதுக்குழாய் தெருவின் மேற்கு ஓரத்தில் போகிறது. என் வீடு கிழக்குப் பக்கம். இணைப்பு எடுக்கச் சாலையைக் குறுக்கே வெட்டியே ஆக வேண்டும். இப்போது இருப்பது தேய்ந்துபோன பழைய தார்ச் சாலை. இதன் மேல் சிமெண்ட் சாலை போடுவதற்காகத் தெரு முனையில் ஜல்லியும் எம்-சாண்டும் இறக்கியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் வேலை தொடங்கும் என்று மேஸ்திரி சொன்னார். புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலையை வெட்டினால் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அந்த இடம் விரிசல் விடும். எனக்குச் சாலை சீரமைப்புக் கட்டணமும் கூடும், நகராட்சிக்கும் தெருக்காரர்களுக்கும் நல்ல சாலை ஒன்று கெடும். ஆகவே சாலை வேலை தொடங்குமுன் குழாய் ஆய்வாளரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்து, குறுக்கு வெட்டு வேலையை முடித்துத் தர வேண்டுகிறேன்.

அதற்குள் இணைப்பு ஆணை வழங்க முடியாத நிலை இருந்தால், இன்னொரு வழியையாவது பரிசீலிக்க வேண்டும். சாலைக்கு அடியில் குறுக்காக இரண்டு அங்குல பி.வி.சி. உறைக்குழாய் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பதித்து, இரு முனைகளையும் மூடி வைத்துவிடலாம். ஆணை கிடைத்த பின் அதற்குள் இணைப்புக் குழாயை நுழைத்துக்கொண்டால் சாலையைத் தொடவே வேண்டாம். உறைக்குழாய்க்கான செலவை நானே ஏற்கிறேன். என் வீட்டுக்கு அடுத்து இரண்டு காலி மனைகள் இருக்கின்றன. அவர்களும் நாளை வீடு கட்டுவார்கள். அந்த இடங்களுக்கும் இதேபோல் உறைக்குழாய் போட்டு வைத்தால் நல்லது என்பது என் சொந்த யோசனை.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை எல்லாம் தயார். வாசல் ஓரத்தில் 5,000 லிட்டர் கொள்ளளவுள்ள சம்ப் கட்டியிருக்கிறோம்; மூடியும் போட்டாயிற்று. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 540 லிட்டர். ஆகச் சில நாட்கள் விட்டு வந்தாலும் எங்களுக்குத் தாங்கும். வாசலுக்கு முன்னால் திறந்த சாக்கடை இருக்கிறது. இணைப்புக் குழாய் அதற்குள் முங்கிப் போகாமல், சாக்கடைச் சுவருக்கு மேலே உறைக்குள் போகும்படி வரைபடத்தில் காட்டியுள்ளோம். குழாயில் கசிவு ஏற்பட்டால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் சாக்கடை நீர் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விண்ணப்பப் படிவத்துடன் கீழ்க்கண்ட ஆவணங்களை இணைத்துள்ளேன். நகல்கள் எல்லாவற்றிலும் நானே கையொப்பமிட்டிருக்கிறேன். அசல்களைக் கள ஆய்வின்போது காட்டுகிறேன்.

1. பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் (2021). இதில் 'பி' அட்டவணைச் சொத்து என்னுடையது. அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துள்ளேன்.

2. உட்பிரிவு செய்து என் பெயருக்கு மாற்றப்பட்ட பட்டா நகல்.

3. கட்டட அனுமதி ஆணையும் வரைபடமும். 2024 செப்டம்பரில் சுயசான்று முறையில் இணையவழி பெற்றது. மனை 1,480 சதுர அடி, கட்டடம் 1,150 சதுர அடி. தனிக் குடியிருப்பு என்பதால் கட்டட நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் அந்தச் சான்று இந்த இணைப்பில் இல்லை. விடுபட்டதாகக் கருத வேண்டாம்.

4. என் பெயரில் புதிதாக விதிக்கப்பட்ட சொத்து வரியின் ரசீது, 2025-26 இரண்டாம் அரையாண்டு வரை. பாக்கி இல்லை.

5. பழைய வீட்டுக் குடிநீர் இணைப்பின் கடைசிக் கட்டண ரசீது. அது என் இணைப்பு இல்லைதான். ஆனால் ஒரே மனையிலிருந்து பிரிந்த இடம் என்பதால் நிலுவை இருக்கிறதா என்ற கேள்வி வரக்கூடும் என்று வைத்துள்ளேன்.

6. ஆதார் அட்டை நகல் (முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்டது), குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு.

7. பெயர் குறித்த உறுதிமொழி. பத்திரத்திலும் பட்டாவிலும் தந்தையின் முதலெழுத்தோடு மு. வளர்மதி என்றும், ஆதாரிலும் சொத்து வரி ரசீதிலும் கணவரின் முதலெழுத்தோடு சு. வளர்மதி என்றும் இருக்கிறது. இரண்டும் நானே. இதற்கு ஆதாரமாகத் தந்தை பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழையும், இரண்டு பெயரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர் வழங்கிய சான்றையும் சேர்த்துள்ளேன். கல்யாணமான பெண்கள் பலருக்கும் உள்ள சிக்கல்தான் இது, பிரிவில் உள்ளவர்களுக்குப் புதிதாக இருக்காது.

8. வீட்டு மின் இணைப்பு அட்டை நகல் – வீட்டு உபயோகக் கட்டண வகை. வணிகப் பயன்பாடு எதுவும் இல்லை என்பதற்காக.

9. உரிமம் பெற்ற பிளம்பர் வரைந்து கையொப்பமிட்ட குழாய் வரைபடம். பொதுக்குழாய், சாலைக் குறுக்கு வெட்டு, சாக்கடை, மீட்டர் வைக்கும் இடம், சம்ப் ஆகியவை அளவோடு குறிக்கப்பட்டுள்ளன.

10. என் தம்பியின் ஆட்சேபணையின்மைக் கடிதம். குழாய் அவர் இடத்துக்குள் போகவில்லை. இருந்தாலும் வாங்கி வைத்துவிட்டேன்.

11. மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் புகைப்படம்.

12. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஆய்வக அறிக்கை.

நகராட்சி நிர்ணயித்துள்ள வைப்புத் தொகை, இணைப்புக் கட்டணம், சாலை சீரமைப்புக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேட்பு அறிவிப்பு அனுப்பினால் உடனே கட்டிவிடுகிறேன். இணையவழிக் கட்டணமானாலும் சரி, அலுவலகக் கவுன்ட்டரானாலும் சரி. ரசீது என் பெயரில் வேண்டும்.

இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன். குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தித் தண்ணீரை உறிஞ்ச மாட்டேன். சம்பில் விழும் தண்ணீரைத்தான் மேல்தொட்டிக்கு ஏற்றுவோம். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயையும் நகராட்சிக் குழாயையும் எந்த இடத்திலும் இணைக்க மாட்டேன். இதை மீறினால் இணைப்பைத் துண்டிக்க நகராட்சிக்கு முழு அதிகாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏதேனும் ஆவணம் குறைவாகத் தெரிந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல், படிவத்தில் உள்ள கைபேசி எண்ணுக்கு ஒரு தகவல் சொன்னால் அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். ஆய்வுக்கு வருபவர்கள் எந்த நேரம் வந்தாலும் என் கணவரோ நானோ வீட்டில் இருப்போம். தெருவுக்குள் பெரிய வண்டி நுழைய முடியாது. முனையிலுள்ள மேல்நிலைத் தொட்டி அருகே நிறுத்திவிட்டு நடந்து வரலாம். இடதுபுறம் நான்காவது வீடு, பச்சை இரும்பு கேட்.

இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் பெற்றுக்கொண்டதற்கு, இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
சு. வளர்மதி

இணைப்பு: மேலே வரிசை எண் 1 முதல் 12 வரை.

நகல்: 14-ஆவது வார்டு நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் – சாலைப் பணி தொடங்கும் தேதியைக் குடிநீர்ப் பிரிவுடன் கலந்து முடிவு செய்ய உதவுமாறு வேண்டி.