லாஜிஸ்டிக்ஸ் சூப்பர்வைசர் பணி, ஒரகடம் கிடங்கு: ச. முருகேசனின் தன்விவரம்

முன்னாள் ஹவில்தார், ஆர்மி சர்வீஸ் கோர். ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல் பிரிவு. 2001 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் வரை 24 ஆண்டு சேவை. வயது 43. சொந்த ஊர் வேலூர் மாவட்டம். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் குடும்பத்துடன் வசிக்கிறேன்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

ராணுவத்திலிருந்து வருகிறேன் என்றதும் செக்யூரிட்டி வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் என் 24 வருடமும் சரக்கு வாங்குவது, அடுக்குவது, கணக்கு வைப்பது, அனுப்புவது என்றே போனது. ராணுவச் சொற்களைக் குறைத்து, உங்கள் கிடங்கில் வழங்கும் சொற்களிலேயே அதைக் கீழே எழுதியிருக்கிறேன். பாதுகாப்பு விதிப்படி யூனிட் பெயர்களையும் இருப்பு அளவுகளையும் குறிப்பிடவில்லை.

பணி அனுபவம்

லடாக், சப்ளை டிப்போ, 2017–2020. ஸ்டோர் ஹவில்தார்; உங்கள் கணக்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 14 ஜவான்கள். சுமை ஏற்றி இறக்க உள்ளூர் கூலித் தொழிலாளர்கள் 30 பேர் வரை. அந்த வருடங்களில் சோஜிலா கணவாய் பனியில் மூடிவிட்டால் ஸ்ரீநகர் சாலை மாதக்கணக்கில் திறக்காது. குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய் எல்லாம் கோடையிலேயே வந்து சேர்ந்தாக வேண்டும். இதைத்தான் நீங்கள் தேவை முன்கணிப்பு, பாதுகாப்பு இருப்பு என்கிறீர்கள். அங்கே ஒரு பொருளின் கணக்குத் தப்பினால் மறு ஆர்டர் கிடையாது, மேலே போஸ்டில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது, அவ்வளவுதான். அதனால் பின் கார்டையும் லெட்ஜரையும் தினமும் சாயங்காலம் நேரில் எண்ணிச் சரிபார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மூன்று வருட ஸ்டாக் போர்டிலும், அதாவது ஆண்டு இருப்புத் தணிக்கையிலும், என் பொறுப்பில் இருந்த கொட்டகைகளில் பற்றாக்குறை எதுவும் எழுதப்படவில்லை.

வடகிழக்கு, போக்குவரத்துப் பிரிவு, 2013–2016. கான்வாய் கமாண்டர்: 20 முதல் 25 லாரிகளுக்கு டிஸ்பேட்ச் பொறுப்பு. சுமை அட்டவணை, ஓட்டுநர் ஓய்வு நேரம், வழியில் பழுது, மண்சரிவுக்கு மாற்றுப் பாதை எல்லாம் என் வேலை.

காங்கோ, ஐ.நா. அமைதிப் படை, 2011. இந்தியப் படையணியின் ஸ்டோர். ஒவ்வொரு காலாண்டும் ஐ.நா. ஆய்வாளர்கள் வந்து சாதனங்களை எண்ணுவார்கள். ஆங்கிலத்தில் ஆவணம் தயார் செய்யவும் வெளியாட்களின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லவும் அங்கேதான் கற்றேன்.

2001–2010: பெங்களூரு ஏ.எஸ்.சி. சென்டரில் பயிற்சி, பிறகு பல டிப்போக்களில் ஸ்டோர் உதவியாளர். கடைசி ஐந்து ஆண்டு, 2020–2025: பெரிய டிப்போ ஒன்றில் வரவுப் பிரிவுப் பொறுப்பாளர்.

உங்கள் விளம்பரம் கேட்பதும் என்னிடம் இருப்பதும்

கிடங்கு மேற்பார்வையில் 5 ஆண்டு கேட்டிருக்கிறீர்கள். ஹவில்தாராக 11 ஆண்டு இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி எங்களுக்கு ரேஷனிலேயே ஊறியது. காலாவதி நெருங்கும் பொருள் முன் வரிசைக்கு வரும். நீங்கள் ஜி.ஆர்.என். என்பது எங்களுக்கு ரசீது வவுச்சர். இன்டென்ட் என்பது உள் ஆர்டர். மூன்று ஷிப்டுக்கு ஆள் பிரிப்பது எங்கள் டியூட்டி ரோஸ்டர்தான்.

வடமாநிலத் தொழிலாளர்களுடன் பேச இந்தி விரும்பத்தக்கது என்று போட்டிருக்கிறீர்கள். இந்தி எனக்கு வேலை மொழி. ஆனால் பேசத் தெரிவதை விட, ஊரை விட்டு வந்து பாரக்கில் படுத்திருப்பவன் லீவு கேட்கும்போது எப்படிக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். ஆள் நின்றுபோகாமல் இருக்க அது உதவும்.

இ-வே பில் ராணுவத்தில் நான் போட்டதில்லை. 2024-ல் மறுவாழ்வு இயக்ககம் வழியாகப் படித்த 12 வார சப்ளை செயின் படிப்பில் கற்றேன். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லுபடி என்பது முதல், லாரி வழியில் நின்றால் வண்டி எண்ணை மாற்றுவது வரை செய்து பார்த்திருக்கிறேன்.

இல்லாதவை

எஸ்.ஏ.பி.யில் வேலை செய்ததில்லை. எக்ஸெலில் இருப்புக் கணக்கு, பார்கோடு ஸ்கேனர் பழக்கம் உண்டு. உங்கள் மென்பொருளைக் கற்க ஒரு மாதம் வேண்டும். பட்டப்படிப்பு கேட்டிருக்கிறீர்கள். நான் பிளஸ் டூ தேர்ச்சி. ராணுவம் தந்த பட்ட இணைச் சான்றிதழ் இருக்கிறது, அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. ஃபோர்க்லிஃப்ட் ஆட்களை மேற்பார்த்திருக்கிறேன். நானே ஓட்ட உரிமம் இல்லை. லாபக் கணக்கு, வாடிக்கையாளர் அபராதம் போன்றவை எனக்குப் புதிது.

மற்றவை

கனரக வாகன உரிமம் உண்டு. இரவு ஷிப்ட் சம்மதம். டிஸ்சார்ஜ் புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, படிப்புச் சான்றிதழ்கள் அசலாக நேர்காணலுக்குக் கொண்டுவருகிறேன். விருப்பப்பட்டால் அன்றே உங்கள் கிடங்கில் ஏதாவது ஒரு ரேக்கைக் கொடுங்கள். எண்ணி, பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதித் தருகிறேன். திங்கள்கிழமை முதலே வேலைக்குச் சேர முடியும்.

இப்படிக்கு,
ச. முருகேசன்