ஆதரவு டிக்கெட் சேவை இலக்கு அறிக்கை: செப்டம்பர் 2025

பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர், நிர்வாக மேலாளர், மதுரை, திண்டுக்கல், தேனி கிளை மேலாளர்கள்
அனுப்புநர்: ஐடி உதவி மையப் பொறுப்பாளர், மதுரை

செப்டம்பரில் பதிவான டிக்கெட்டுகளில் 94.6% கெடுவுக்குள் தீர்ந்தன. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிட வேண்டாம். பிரிண்டர், பாஸ்வேர்டு வேலைகள் நன்றாக நடந்ததால்தான் கூட்டுத்தொகை உயர்ந்திருக்கிறது. நோயாளி காத்திருக்கும் இடங்களில் இலக்கைத் தவறவிட்டிருக்கிறோம்.

| முன்னுரிமை | கெடு | டிக்கெட் | கெடுவுக்குள் | சதவீதம் | இலக்கு |
|---|---|---|---|---|---|
| 1 – சேவை நின்றது | 2 மணி நேரம் (24 மணி நேரமும்) | 14 | 11 | 78.6% | 95% |
| 2 – ஒரு பிரிவு பாதிப்பு | 8 வேலை மணி | 96 | 85 | 88.5% | 90% |
| 3 – தனி நபர் பாதிப்பு | 2 வேலை நாள் | 412 | 391 | 94.9% | 90% |
| 4 – கோரிக்கை, விளக்கம் | 5 வேலை நாள் | 187 | 184 | 98.4% | 85% |
| மொத்தம் | | 709 | 671 | 94.6% | |

கெடு தாண்டியும் மாதக் கடைசியில் தீராமல் இருந்த டிக்கெட்டுகள் தவறியவையாகவே எண்ணப்பட்டுள்ளன. கெடு இன்னும் வராத 2 டிக்கெட்டுகள் அக்டோபர் கணக்கில் வரும்.

முன்னுரிமை 1

ஜூலையில் 15க்கு 13, ஆகஸ்டில் 13க்கு 12, இப்போது 14க்கு 11. எண்ணிக்கை சிறியது என்பதால் ஒன்று தவறினாலே 7 புள்ளி இறங்கிவிடும். மாதம் 14 டிக்கெட் வந்தால் 95% என்ற இலக்கில் ஒன்றுகூடத் தவற இடமில்லை. இலக்கு கடுமை என்று சிலர் சொன்னார்கள். அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. தவறிய மூன்றுமே தவிர்த்திருக்கக் கூடியவை.

INC-4127: 14ஆம் தேதி ஞாயிறு இரவு 11.10க்கு மதுரை மருந்தகத்தில் பில் போடுவது நின்றது. டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் லாக் ஃபைல்களால் நிரம்பிவிட்டது. எச்சரிக்கை ஒரே ஒரு செல்பேசி எண்ணுக்குத்தான் போகிறது. அன்று பணியில் இருந்தவருக்கு சிக்னல் இல்லை. 12.55க்குத்தான் ஆள் கிடைத்தார், 2.20க்குச் சரியானது. மொத்தம் 3 மணி 10 நிமிடம். அதில் உண்மையான வேலை 1 மணி 25 நிமிடம்தான். அதுவரை மருந்தாளுநர்கள் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதி, விடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கணினியில் ஏற்றினார்கள். மருந்து கொடுப்பது நிற்கவில்லை என்றால் அது அவர்களால்தான்.

INC-4188: தீவிர சிகிச்சைத் தளத்தில் நெட்வொர்க் சுவிட்ச் எரிந்தது. கோளாறு இதுதான் என்று 20 நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்டோரில் மாற்று இல்லை. வெளியில் வாங்கி வந்து மாட்ட 5 மணி 25 நிமிடம் ஆனது.

INC-4203: ஆய்வகக் கருவியின் முடிவுகள் நோயாளி கோப்பில் ஏறவில்லை. 3 மணி 40 நிமிடம். மென்பொருள் நிறுவனம் தன் ஒப்பந்தப்படி 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது. நாம் ஆய்வகத்துக்குக் கொடுத்த வாக்கு 2 மணி நேரம். அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் 4 மணி என்று இருக்கும்வரை, நம்மவர்கள் எவ்வளவு ஓடினாலும் இந்த வகை டிக்கெட் தவறிக்கொண்டேதான் இருக்கும்.

முன்னுரிமை 2

தவறிய 11இல் 7 தேனியைச் சேர்ந்தவை. அங்கே நிரந்தரப் பொறியாளர் இல்லை. மதுரையிலிருந்து ஆள் போக வேண்டும். மாலையில் பதிவாகும் டிக்கெட்டை மறுநாள் காலைதான் தொடவே முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு' என்று நிலையை மாற்றினால் கெடு ஓடுவது நின்றுவிடும். 96 டிக்கெட்டுகளையும் திறந்து பார்த்தோம். 6 டிக்கெட்டுகளில் பயனரிடம் எந்தக் கேள்வியும் கேட்காமலே அந்த நிலை போடப்பட்டிருந்தது. அவற்றைத் தவறியவையாக எடுத்தால் 85 என்பது 79 ஆகிறது, சதவீதம் 82.3. அட்டவணையில் இருப்பது சிஸ்டம் தரும் எண். என் கணிப்பில் 82.3தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

முன்னுரிமை 3, 4 இரண்டும் இலக்கைத் தாண்டிவிட்டன. 4க்கான 5 நாள் கெடுவைக் குறைக்கும் யோசனை இப்போதைக்கு வேண்டாம். அந்த ஆட்களின் நேரம் மேலே தேவைப்படுகிறது.

நிர்வாகத்திடம் கேட்பது

எச்சரிக்கைக்கு இரண்டாவது எண் சேர்த்துவிட்டோம். 10 நிமிடத்தில் எடுக்காவிட்டால் எனக்கு அழைப்பு வரும். டிஸ்க் 80% நிரம்பும்போதே தகவல் வரும்படியும் அமைத்தாயிற்று. கேள்வி எழுதாமல் காத்திருப்பு நிலை போட முடியாதபடி அக்டோபர் 6 முதல் டிக்கெட் படிவம் மாறுகிறது.

எங்கள் கையில் இல்லாதவை மூன்று. கிளைக்கு ஒன்றாக மூன்று மாற்று சுவிட்சுகளுக்கான கொள்முதல் ஒப்புதல் அக்டோபர் 10க்குள் வேண்டும். தேனியில் காலை 8 முதல் மாலை 4 வரை ஒரு பொறியாளர் வேண்டும். திண்டுக்கல்லில் இருக்கும் இருவரில் ஒருவரை மாற்றினாலும் போதும். ஆய்வக மென்பொருள் ஒப்பந்தம் டிசம்பரில் புதுப்பிக்கப்படும்போது, சேவை நின்றால் 90 நிமிடத்தில் தீர்வு என்ற வரி அதில் ஏற வேண்டும். நிறுவனம் மறுத்தால் ஆய்வகத்துக்கான நம் கெடுவை 4 மணி நேரமாக மாற்றி, அதை ஆய்வகத் தலைமையிடம் நேரில் சொல்லிவிடலாம்.