ஆஃபர் லெட்டரில் பதவியும் சம்பளமும் தவறாக உள்ளன: திருத்தித் தர வேண்டுகிறேன்

தேதி: 19 மார்ச் 2026, வியாழன்
பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை
பொருள்: துணை மேலாளர் (கொள்முதல்) பணிக்கான ஆஃபர் லெட்டர், தேதி 18.03.2026: பதவிப் பெயரிலும் ஆண்டுச் சம்பளத்திலும் பிழை

வணக்கம் மேடம்,

நேற்று மாலை ஆஃபர் லெட்டர் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. உங்களோடு பணியாற்ற நான் முடிவு செய்துவிட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கடிதத்தில் இரண்டு இடங்கள் நாம் பேசி முடித்ததற்கு மாறாக இருக்கின்றன. அவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பினால் அன்றைக்கே கையெழுத்திட்டு விடுவேன்.

முதலாவது, பதவி. 1ஆம் பக்கத்தின் முதல் பத்தியில் "உதவி மேலாளர், கொள்முதல்" என்று இருக்கிறது. மார்ச் 11 அன்று நடந்த கடைசிச் சுற்றிலும், மறுநாள் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலிலும் "துணை மேலாளர், கொள்முதல்" என்றே இருந்தது. கடிதத்தின் மற்ற பகுதிகளும் துணை மேலாளருக்கே எழுதப்பட்டவை. 9ஆம் பிரிவில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். உதவி மேலாளருக்கு 60 நாள், துணை மேலாளரிலிருந்து மேலே 90 நாள் என்று நீங்களே தொலைபேசியில் விளக்கினீர்கள். பொறுப்புகளைச் சொல்லும் 3ஆம் பக்கத்தில், 5 லட்சம் வரையிலான பர்ச்சேஸ் ஆர்டர்களுக்கு நான் ஒப்புதல் தரலாம் என்று உள்ளது. அதுவும் துணை மேலாளருக்கு உரிய அதிகாரம் என்று நேர்காணலில் சொன்னார்கள். ஆக, வேலையும் பொறுப்பும் நோட்டீஸும் துணை மேலாளருக்கு உரியவை, பெயர் மட்டும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

இரண்டாவது, சம்பளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் ஒப்புக்கொண்டது: நிலையான சம்பளம் ஆண்டுக்கு 10,80,000, அதாவது மாதம் 90,000. அதற்கு மேல் செயல்திறன் அடிப்படையிலான வேரியபிள் ஆண்டுக்கு 1,20,000. இரண்டும் சேர்ந்து மொத்தம் 12,00,000. மார்ச் 12 மின்னஞ்சலில் "நிலையானது 10.8, வேரியபிள் 1.2, மொத்தம் 12" என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். "ஒப்புக்கொள்கிறேன்" என்று நானும் அன்றே பதில் அனுப்பினேன். இரண்டையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

கடிதத்தில் 10,80,000 என்பதே மொத்தத் தொகையாகிவிட்டது. அதிலிருந்து பத்து சதவீதத்தை வேரியபிளாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அதனால் இணைப்பில் நிலையான சம்பளம் 9,72,000, வேரியபிள் 1,08,000 என்று வருகிறது. மேலே சேர வேண்டியது உள்ளுக்குள்ளிருந்தே கழிக்கப்பட்டுவிட்டது. மாதத்துக்கு 9,000 குறைகிறது, வருடத்துக்கு வேரியபிளையும் சேர்த்து 1,20,000.

விலைப்புள்ளிகளின் கூட்டலைச் சரிபார்ப்பதே என் தொழில் என்பதால், 5ஆம் பக்க அட்டவணையையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். பேசிக் 40,500, வீட்டு வாடகைப் படி 20,250, ஸ்பெஷல் அலவன்ஸ் 15,390, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 4,860. கூட்டினால் 81,000 சரியாக வருகிறது. கணக்கில் தவறில்லை, கணக்குத் தொடங்கிய எண்ணில்தான் தவறு. அதே விகிதத்தில் மாதம் 90,000க்குப் பிரித்தால் பேசிக் 45,000, வாடகைப் படி 22,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 17,100, பி.எஃப். பங்கு 5,400 என்று வர வேண்டும். பேசிக் குறைந்தால் அதை வைத்துக் கணக்கிடும் பி.எஃப்., பணிக்கொடை எல்லாமே சேர்ந்து குறையும். அதனால் மொத்தத்தை மட்டும் மாற்றிவிட்டு அட்டவணையை அப்படியே விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது வெறும் எழுத்துப் பிழை என்று நான் நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. 2ஆம் பக்கத்தின் 4ஆம் பிரிவில் ஆண்டுச் சம்பளம் எண்ணில் 10,80,000 என்றும், அடைப்புக்குறிக்குள் எழுத்தில் "பன்னிரண்டு லட்சம் மட்டும்" என்றும் அச்சாகியிருக்கிறது. ஒரே வரியில் இரண்டு தொகை! காசோலையாக இருந்தால் எழுத்தில் உள்ள தொகையே எடுபடும். ஆனால் இது காசோலை இல்லை, அந்த வழக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியமில்லை.

இன்று காலை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, "இப்போதைக்கு அக்செப்ட் பண்ணிடுங்க, சேர்ந்த பிறகு சிஸ்டத்தில் மாத்திக்கலாம்" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 14ஆம் பிரிவைப் பாருங்கள்: இதற்கு முன் வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ பேசிய எதுவும் இனி செல்லாது, இந்தக் கடிதமே இறுதி என்கிறது அது. நான் கையெழுத்திட்ட நிமிடமே நம்முடைய மார்ச் 12 மின்னஞ்சல் வெறும் பழைய கடிதமாகிவிடும். மாற்றச் சொல்லிக் கேட்க அதன்பிறகு என் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே திருத்திய கடிதம் வந்த பிறகே கையெழுத்திடுவேன். தவறாக நினைக்க வேண்டாம்.

இன்னொரு சிறு சிக்கல். போர்ட்டலில் `Accept`, `Decline` என்று இரண்டே பொத்தான்கள் இருக்கின்றன. திருத்தம் கேட்க வழியில்லை, அதனால் இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறேன். 25ஆம் தேதியோடு ஆஃபர் தானாகக் காலாவதியாகும் என்று அங்கே காட்டுகிறது. அதற்குள் திருத்திய கடிதம் வராவிட்டால், அந்தத் தேதியைத் தள்ளிவைத்து எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நான் தேதி பார்த்துப் பேசுவதற்குக் காரணம் என் இப்போதைய வேலை. இங்கே 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஜூன் 1 அன்று உங்களிடம் சேர வேண்டுமென்றால் மார்ச் 31க்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். சரியான ஆஃபர் லெட்டர் கையில் இல்லாமல் ராஜினாமா எழுத மாட்டேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

திருத்தத்துக்கு வசதியாக, மாற வேண்டிய வரிகளை அப்படியே எழுதித் தருகிறேன்.

1ஆம் பக்கம், முதல் பத்தி: "துணை மேலாளர், கொள்முதல் என்ற பதவியில் தங்களை நியமிக்கிறோம்."

2ஆம் பக்கம், 4ஆம் பிரிவு: "தங்களின் ஆண்டு மொத்த ஊதியம் 12,00,000 (பன்னிரண்டு லட்சம் மட்டும்). இதில் நிலையான ஊதியம் 10,80,000, வேரியபிள் 1,20,000."

5ஆம் பக்க அட்டவணையில் மேலே சொன்ன 90,000க்கான பிரிப்பு வர வேண்டும். அதே பக்கத்தின் தலைப்பிலும் "உதவி மேலாளர்" என்று ஒருமுறை இருக்கிறது, அது எளிதில் கண்ணில் படாது.

ஒருவேளை இது பிழையே இல்லை, மார்ச் 12க்குப் பிறகு பதவியையோ சம்பளத்தையோ மாற்ற முடிவெடுத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கொள்முதல் துறைத் தலைவருக்கு இப்போது நகல் அனுப்பவில்லை. தட்டச்சுப் பிழைக்காக அவரை இழுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
சு. மீனாட்சி

இணைப்புகள்: மார்ச் 12 மின்னஞ்சலும் என் பதிலும், ஆஃபர் லெட்டரின் 1, 2, 5ஆம் பக்கங்கள், பிழைகள் வட்டமிடப்பட்டவை

———

தேதி: 23 மார்ச் 2026, திங்கள்
பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை
பொருள்: திருத்திய ஆஃபர் லெட்டர்: 4ஆம் பிரிவு இன்னும் சரியாகவில்லை

வணக்கம் மேடம்,

வெள்ளிக்கிழமை மாலையே திருத்திய கடிதத்தை அனுப்பிவிட்டீர்கள். இவ்வளவு விரைவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. 1ஆம் பக்கத்திலும் இணைப்பின் தலைப்பிலும் பதவி சரியாகிவிட்டது. அட்டவணையும் மாதம் 90,000, மொத்தம் 12,00,000 என்று சரியாக இருக்கிறது.

4ஆம் பிரிவு மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருந்தியிருக்கிறது. போன முறை எண் தவறு, எழுத்து சரி. இந்த முறை அந்த எண்ணுக்கு ஒத்துப்போகும்படி எழுத்தை மாற்றிவிட்டார்கள்: "10,80,000 (பத்து லட்சத்து எண்பதாயிரம் மட்டும்)". முரண்பாடு தீர்ந்தது, ஆனால் தவறான பக்கம் தீர்ந்தது. இப்போது 2ஆம் பக்கம் ஒரு தொகையும் 5ஆம் பக்கம் வேறொரு தொகையும் சொல்கின்றன. பிரிவுக்கும் இணைப்புக்கும் வேறுபாடு வந்தால் பிரிவில் உள்ளதே செல்லும் என்று 13ஆம் பிரிவு சொல்வதால், இதை இப்படியே விட முடியவில்லை.

வேண்டியது ஒரே வரிதான். 4ஆம் பிரிவில் "12,00,000 (பன்னிரண்டு லட்சம் மட்டும்)" என்று வர வேண்டும். அதன் பின்னால் நிலையானது 10,80,000, வேரியபிள் 1,20,000 என்ற பிரிப்பையும் சேர்த்துவிட்டால் அடுத்த முறை யாரும் குழம்ப மாட்டார்கள்.

போர்ட்டலில் இன்னும் முதலில் வந்த பழைய கடிதமே இருக்கிறது. நான் `Accept` அழுத்தினால் அதற்குத்தான் ஒப்புதல் பதிவாகும் போலிருக்கிறது. புதிய பிரதியை அங்கே ஏற்றிய பிறகு எனக்குச் சொல்லுங்கள். பழைய இரண்டும் ரத்து என்று அந்த மின்னஞ்சலிலேயே ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், கோப்பில் மூன்று கடிதங்கள் கிடந்து பின்னால் யாரும் தடுமாற வேண்டாம்.

நாளை மாலைக்குள் கிடைத்தால் 25ஆம் தேதிக் கெடுவை நீட்டிக்க வேண்டிய அவசியமே இருக்காது. போனில் பேச வேண்டுமானால் பகல் ஒன்று முதல் இரண்டு வரை எடுப்பேன். மற்ற நேரத்தில் அலுவலகத்தில் இருப்பேன், அங்கே இதைப் பேச முடியாது.

அன்புடன்,
சு. மீனாட்சி