முதல் வேலை தேடுகிறேன்: தமிழ் எழுத்திலிருந்து தொடங்கிய மூன்று வடிவமைப்புகள்

வணக்கம். சிவகாசியில் பிறந்து வளர்ந்தவள் நான். விஷுவல் கம்யூனிகேஷனில் இளங்கலைப் படிப்பை 2025ஆம் ஆண்டு முடித்துவிட்டு, வடிவமைப்பாளராக என் முதல் முழுநேர வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டுபவர் என்பதால், திரையில் அழகாகத் தெரியும் ஒரு கோடு காகிதத்தில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் நாங்கள் செய்த பெரும்பாலான பயிற்சிகள் ஆங்கிலத்தில்தான் தொடங்கின. பக்கத்தை ஆங்கில எழுத்துக்கு ஏற்ப அமைத்து முடித்த பிறகு, அதே இடைவெளியில் தமிழைக் கொண்டுவந்து திணிப்போம். புள்ளியும் மேல்விலங்கும் மேல்வரியோடு முட்டிக்கொள்ளும், நீளமான சொல் பொத்தானுக்கு வெளியே வழியும், கடைசியில் தமிழ்தான் அழகில்லாத எழுத்து என்ற எண்ணம் மிஞ்சும். இங்கே காட்டும் மூன்று வேலைகளையும் அதற்கு நேர்மாறாக, தமிழ் எழுத்தையும் அதைப் படிக்கப்போகிறவரையும் முதலில் வைத்துத் தொடங்கினேன். முதல் வேலை ஒரு கடைக்காகச் செய்தது, அச்சாகிப் பயன்பாட்டில் இருக்கிறது. மற்ற இரண்டும் நானாக எடுத்துக்கொண்ட பயிற்சிகள்; அவற்றுக்கு வாடிக்கையாளர் எவரும் இல்லை.

படம் 1: மருந்துக்கடைக் கவர்
பழுப்புக் காகிதம், 10 × 14 செ.மீ., கறுப்பு ஒரே வண்ணம்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரைகளைப் போட்டுக் கொடுக்கும் சிறிய காகிதக் கவர் இது. மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பதைக் கடைக்காரர் வாயால் விளக்குவார், மாத்திரை அட்டையின் பின்புறம் பேனாவால் இரண்டு கோடு போடுவார், வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துபோகும். எங்கள் அப்பத்தாவுக்கு ஒரே நேரத்தில் நான்கு வகை மாத்திரைகள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று கேட்க, கவர்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் என் அறை வாசலில் வந்து நிற்பது வழக்கம். இந்த வேலை அங்கிருந்துதான் பிறந்தது.

முதல் வரைவில் காலைக்கு ஒரு சூரியன், மதியத்துக்குக் கொஞ்சம் பெரிய சூரியன், இரவுக்குப் பிறை என்று வரைந்தேன். திரையில் அந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. அச்செடுத்து அப்பத்தாவிடம் கொடுத்தபோது, “இதுல ரெண்டு சூரியன் இருக்கே, எது தாயி மத்தியானம்?” என்று கேட்டார். அளவை மட்டும் மாற்றி இரண்டு பொருளைச் சொல்ல முயன்றது என் பிழை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே அது புரியும், ஒன்றைத் தனியாகப் பார்ப்பவருக்குப் புரியாது. அடுத்த வரைவில் காலைச் சூரியனைத் தொடுவானக் கோட்டுக்கு மேல் பாதி எழும்பியதாகவும், மதியச் சூரியனை ஒரு வீட்டுக் கூரைக்கு நேர் மேலே முழு வட்டமாகவும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ‘காலை’, ‘மதியம்’, ‘இரவு’ என்ற சொற்களைப் படத்துக்கு இணையான அகலத்தில் வைத்தேன். தெருவில் உள்ள பெரியவர்கள் ஆறு பேரிடம் இதைக் காட்டினேன். ஆறு பேருமே தயங்காமல் மதியத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது சிக்கல் எழுத்தில் இருந்தது. முதலில் ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’ என்று 9 பாயின்டில் அமைத்திருந்தேன். அப்பா சோதனைத் தாளை ஒன்று எடுத்துக் கொடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சிப் பரவவிடும் காகிதம். அதில் ‘ண’வின் சுழிகள் அடைபட்டு, எழுத்து இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நின்றது. தடித்த எழுத்துக்கு மாறினால் சுழிகள் இன்னும் அடைபடும் என்பதால், நடுத்தரத் தடிமனையே வைத்துக்கொண்டு அளவை 14 பாயின்டாக உயர்த்தினேன். சொல்லையும் மாற்றி, கடைக்காரரும் வாங்க வருகிறவர்களும் வாயில் சொல்லும் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்பதையே அச்சில் வைத்தேன். சொல் நீண்டதால் அதற்கு இரண்டு வரி கொடுக்க வேண்டியிருந்தது. கடையின் பெயரை மேலிருந்து கீழே இறக்கிச் சிறியதாக்கித்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். கடைக்காரரை அதற்குச் சம்மதிக்க வைக்க இரண்டு மாலைகள் ஆயின. அந்த இரண்டு மாலைகளும் எனக்குப் பெரிய பாடம்.

எழுதும் இடத்தை முடிவு செய்ததும் கடையில் நின்று பார்த்துத்தான். கூட்டமான நேரத்தில் அவர் கவரை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறார், மேசையில் வைப்பதில்லை. அந்த நிலையில் எழுத்து எழுதுவது கடினம், டிக் போடுவது எளிது. ஆகவே மூன்று வேளைக்கும் 12 மி.மீ. அளவில் மூன்று கட்டங்களை வைத்தேன். அரை மாத்திரை என்றால் கட்டத்துக்குள் ½ என்று எழுதவும் அந்த அளவு போதுமானது. பிரஸ் கணினியில் நான் பயன்படுத்திய யூனிகோட் எழுத்துரு இருக்காது என்பதால், எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிப் பிடிஎஃப் கொடுத்தேன். முதல் முறையாக 2,000 கவர்கள் அச்சடித்தோம்.

படம் 2: கருப்பட்டி ஓலைப்பெட்டிக்கான சுற்றுத்தாள்
சொந்த முயற்சி. வெள்ளை மேப்லித்தோ தாள், இரண்டு வண்ணம், 500 கிராம் பெட்டிக்கு.

பனையோலைப் பெட்டியே அழகான உறை. அதன் மேல் முழு அட்டையைப் போர்த்தினால் பின்னல் மறைந்துபோகும். எனவே பெட்டியின் நடுவில் ஒரு பட்டையாகச் சுற்றிவரும் தாளை மட்டும் வடிவமைத்தேன்.

‘கருப்பட்டி’ என்ற சொல்லை எழுத்துருவில் எடுக்காமல் கையால் வரைந்தேன். அந்தச் சொல்லில் இரண்டு புள்ளிகள் உண்டு, ஒன்று ‘ப்’ மேலும் மற்றொன்று ‘ட்’ மேலும். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் கருப்பட்டி அரைக்கோள வடிவில் இருக்கும் என்பதை நினைத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் பக்கவாட்டில் பார்த்த கருப்பட்டியாக, கீழே தட்டையாகவும் மேலே வளைந்தும் வரைந்தேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் படித்தவர்கள் ஒரு கணம் தடுமாறினார்கள். தட்டையான அடிப்பகுதி கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிந்ததால், அதைப் புள்ளியாக எடுத்துக்கொள்ள மனம் மறுத்திருக்க வேண்டும். தமிழில் புள்ளி அலங்காரம் அன்று, அது மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது. பிறகு அதே கருப்பட்டியை மேலிருந்து பார்த்தால் முழு வட்டம்தானே என்று தோன்றியது. இப்போது இரண்டு புள்ளிகளும் வழக்கத்தைவிடச் சற்றே பெரிய வட்டங்களாக, உள்ளே மெல்லிய ஒரு வளைவோடு இருக்கின்றன. புள்ளியாகவே படிக்கப்படுகின்றன, உற்றுப் பார்ப்பவருக்குக் கருப்பட்டியாகவும் தெரிகின்றன. மூன்று வேலைகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வண்ணத் தேர்வுக்குக் காரணம் சிக்கனம். உணவுப் பொருளின் உறையில் சைவக் குறியீடு பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாக இருக்க வேண்டும். கறுப்போடு பழுப்பைச் சேர்த்திருந்தால், அந்த ஒரு சின்னக் குறியீட்டுக்காக மூன்றாவது பிளேட் போட வேண்டியிருக்கும். பனையோலைப் பச்சையையே இரண்டாவது வண்ணமாக எடுத்துக்கொண்டதில் அந்தச் செலவு மிச்சமானது. பழுப்பு நிறம் பெட்டிக்குள் இருக்கும் கருப்பட்டியிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உரிம எண்ணின் 14 இலக்கங்கள், நிகர எடை, விலை, பொட்டலமிட்ட நாள் ஆகியவற்றுக்கு முதல் வரைவிலேயே இடம் ஒதுக்கினேன். கடைசியில் எங்காவது செருகிக்கொள்ளலாம் என்று விட்டால் நல்ல அமைப்பும் குலைந்துபோகும்.

படம் 3: ஊர்ப் பேருந்து நேரம், கைபேசித் திரைகள்
சொந்த முயற்சி. ஃபிக்மாவில் நான்கு திரைகள்.

பேருந்து நிலையத்தில் நிற்பவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? முழு அட்டவணையை முதலில் காட்டாமல், ‘சாத்தூர், இன்னும் 12 நிமிடத்தில்’ என்ற ஒரே வரியை முதல் திரையில் பெரிதாக வைத்து, அட்டவணையை அதன் கீழே தள்ளினேன். நேரத்தை ‘காலை 5.40’, ‘இரவு 9.10’ என்றே எழுதினேன்.

ஊர்ப்பெயர்கள்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. ‘அருப்புக்கோட்டை’, ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ போன்ற பெயர்களை ஒரே வரியில் சுருக்காமல் காட்ட வேண்டும் என்று முடிவு செய்து, திரையின் அமைப்பையே அந்த இரண்டு பெயர்களை வைத்து அளந்தேன். மிக நீளமான பெயர் நிற்கும் பெட்டியில் ‘சாத்தூர்’ தானாக நின்றுவிடும். அகரவரிசையிலும் ஒரு தொல்லை உண்டு. ‘ஸ்ரீ’ கிரந்த எழுத்து என்பதால் அந்த ஊர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும், ‘திருவில்லிபுத்தூர்’ என்று தேடுபவருக்கோ கிடைக்கவே கிடைக்காது. இரண்டு வடிவங்களில் எதைத் தட்டினாலும் ஒரே ஊர் வரும்படி தேடல் திரையை அமைத்தேன். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அடிப்படை அளவு 16 பிக்சல். ‘கூ’, ‘ஸ்ரீ’ போன்றவை கீழ்வரியைத் தொடாமலிருக்க வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்காக வைத்தேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், எதை முதலில் படிக்க வேண்டும் என்பதைத் தடிமனாலும் அளவாலும் மட்டுமே காட்டியிருக்கிறேன். இதை இன்னும் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களிடம் கொடுத்துச் சோதிக்கவில்லை. நான்காவது திரையில் உள்ள ‘திரும்பும் பஸ்’ பொத்தான் இருக்கும் இடம் எனக்கே நிறைவாக இல்லை.

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபிக்மா மூன்றிலும் அன்றாடம் வேலை செய்கிறேன். இன்டிசைனில் தமிழ் உடையாமல் வருவதற்கான கம்போசர் அமைப்புகள், பழைய பாமினி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்ப்பது, அச்சுக்கு வண்ணம் பிரித்துக் கோப்பு தயாரிப்பது ஆகியவை எனக்குத் தெரியும். அசைபடம் தெரியாது. இணையப் பக்கங்களுக்கான நிரலை வாசித்துப் புரிந்துகொள்வேன், ஆனால் எழுதித் தரும் அளவுக்குப் பழக்கமில்லை.

சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் எங்கு வேலை கிடைத்தாலும் இடம் மாறி வரத் தயாராக இருக்கிறேன். பொட்டல வடிவமைப்பு, புத்தகம், தமிழ்ச் செயலிகள் ஆகியவற்றில் வேலை செய்யும் சிறிய ஸ்டூடியோவாக இருந்தால் மிகவும் மகிழ்வேன். மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் அருகில் இருந்து என் வரைவுகளைத் திருத்தும் சூழல்தான் இப்போது எனக்குச் சம்பளத்துக்கு அடுத்த தேவை. விருப்பமுள்ளவர்கள் இங்கே செய்தி அனுப்பினால், மூன்று வேலைகளின் முழுக் கோப்புகளையும், கைவிட்ட வரைவுகளையும் சேர்த்து அனுப்புகிறேன். மருந்துக் கவரின் அச்சுப் பிரதி வேண்டுமென்றால் நேர்காணலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். காகிதத்தில் தொட்டுப் பார்த்தால்தான் அந்த ‘ண’வின் கதை புரியும்.